அஞ்சு நிமிஷம் போதுங்க

காலையில் வந்த செய்தியைப் படித்ததும் பெட்டிக்காரிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

‘மேடம், அரைமணி நேரம் கேட்டது தப்புதான். கால்மணி கேட்டதும் தப்புதான். அஞ்சு நிமிஷம் போதுங்க. நீங்க பல் தேய்க்கும்போது ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னாகூட நான் கேட்க வேண்டியதைக் கேட்டுடுவேன்.’

“பல் தேய்க்கறப்பவாம்!” என்றாள் பெட்டிக்காரி, மேசைமேல் கிடந்த அட்டைத் துண்டுகளைப் பார்த்து. “அடுத்தது குளிக்கறப்ப கதவுக்கு வெளிய நின்னு பேசறேன்னு சொல்லுவா.”

அவளுக்குப் பெட்டிக்காரி என்று பேர் வைத்தது சந்தை. அட்டைப்பெட்டிக்கு வடிவம் போடுவது அவள் தொழில். உள்ளே போகும் பொருள் என்ன, அதன் மேல் எத்தனை பெட்டி அடுக்குவார்கள், லாரி எப்படிக் குலுக்கும், கிடங்கில் ஈரம் ஏறுமா, இறக்குகிற ஆள் கோபக்காரனா என்பதையெல்லாம் யோசித்து, எங்கே மடிப்பு, எங்கே தடுப்பு என்று வரைந்து, அவளே வெட்டி ஒட்டி, மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டுப் பார்ப்பாள். உருளும் சத்தம் கேட்டால் கீழே கடையில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். அவ்வளவு பழகிவிட்டது.

கீழே இருப்பது அக்கா புருஷனின் மொத்த வியாபாரக் கடை. வெற்று அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப், சுற்றும் காகிதம், குமிழ் ஷீட்டு. மாமா விற்பார், அக்கா கல்லாவில் உட்காருவாள். மாடியில் பெட்டிக்காரி வாடகை கொடுத்து இருக்கிறாள். அந்த வாடகையை வருஷா வருஷம் மாமா ஏற்றுவதும், அவள் இறக்குவதும், நடுவில் அக்கா ஒரு தொகையைச் சொல்லி இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவதும் குடும்ப வழக்கம்.

இந்தக் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மட்டும் எப்போதும் இருப்பு கிடையாது. கேட்ட அளவில் பெட்டி இல்லாவிட்டால், “நாளைக்கு வருதுங்க” என்பார் மாமா. நாளைக்கு வராது என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனால் வந்தவர் முகம் சுளிக்காமல் போவார். மறுநாள் வந்து இன்னொரு ‘நாளைக்கு’ வாங்கிக்கொண்டு, கையோடு இரண்டு டேப் உருளையும் வாங்கிப் போவார். அக்காவும் தங்கையும் பிறந்த வீடும் இப்படிப்பட்ட வீடுதான். முறுக்கிக்கொண்டு மறுப்பவன் கடைக்கு இரண்டாம் தடவை ஆள் வராது என்று கேட்டு வளர்ந்தவள் பெட்டிக்காரி.

அதனால்தான் அந்த அம்மாள் முதல்முறை எழுதியபோது அவளும் வழக்கப்படியே நடந்துகொண்டாள்.

முகம் தெரியாத அம்மாள். கண்ணாடி ஜாடியில் வாசனை மெழுகுவர்த்தி ஊற்றுகிற தொழிலாம். ஊருக்கு ஊர் அனுப்பினால் பாதி வழியில் ஜாடி உடைகிறதாம். உங்கள் கடை மாமா உங்களைப் பற்றி உயர்வாகச் சொன்னார், ஒரு அரைமணி நேரம் போனில் பேச முடியுமா என்று நன்றாகத்தான் கேட்டிருந்தாள். பெட்டிக்காரி எழுதிய பதில்: ‘கேட்டதுக்கு சந்தோஷம். இப்போ வேலை ரொம்ப அதிகம், நேரமே இல்லைங்க. தப்பா நினைக்காதீங்க.’

மரியாதையாக இருந்தது. ஆனால் பொய். நேரம் இருந்தது. நேற்றுகூட மத்தியானம் முழுக்க ஜன்னலில் கையை ஊன்றி, எதிர்க்கடைக்காரரும் ஆட்டோக்காரரும் போட்ட சண்டையைக் கடைசி வரை பார்த்தாள்.

உண்மை வேறு. பெரிய மெழுகுவர்த்திக் கம்பெனி ஒன்றுக்கு அவள் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். அடுத்த கோடை வரை அதே வகைப் பொருள் செய்யும் வேறு யாருக்கும், காசுக்கோ இனாமாகவோ, அரைவார்த்தை யோசனைகூடச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாடி வாடகை, வெட்டும் இயந்திரத்தின் தவணை எல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. அதைவிட, ஒருவன் பெட்டியின் சூட்சுமத்தை இவள் அடுத்தவனிடம் அவிழ்த்தாள் என்று சந்தையில் ஒரு வாய் சொன்னால் போதும். பிறகு அவளிடம் எவனும் பொருளை நம்பிக் காட்டமாட்டான். எந்தக் கம்பெனி என்று வெளியே சொல்லத் தடை. ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்லத் தடையே இல்லை. ஆனால் முகம் தெரியாதவளிடம் அதையெல்லாம் விரிப்பானேன், ‘நேரமில்லை’ என்றால் நாகரிகமாகப் போய்விடும் என்று நினைத்தாள்.

போகவில்லை. அரைமணி கால்மணியானது. வேலைநாள் முடியாதென்றால் விடுமுறை நாள். பகல் முடியாதென்றால் விடியற்காலை. பெட்டிக்காரி ஒவ்வொன்றுக்கும் ‘இந்த வாரம் கஷ்டம்’, ‘மாசக் கடைசி நெருக்கடி’ என்று தேனில் தோய்த்து அனுப்ப, அந்தப் பக்கம் சளைக்காமல் குறைத்துக்கொண்டே வந்தது. இப்போது பல் தேய்க்கும் நேரத்தில் வந்து நிற்கிறது.

“இது கேட்கறதா, பிடுங்கறதா?” என்று படியிறங்கினாள் பெட்டிக்காரி.

கடையில் மாமா சுற்றும் காகிதத்தைக் கஞ்சத்தனமாக அளந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அளவுகோலைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

“மாமா, அந்த மெழுகுவர்த்திக்காரிக்கு என் நம்பரைக் கொடுத்தது நீங்கதானே?”

“நல்ல பார்ட்டிம்மா. மாசம் மாசம் பெட்டி எடுக்கறாங்க.”

“பெட்டி எடுத்தா டேப்பு இனாமாக் கொடுங்க. என்னை எதுக்கு இனாமாக் கொடுக்கறீங்க?”

“பேசறதுல என்னம்மா குறைஞ்சுடப்போற? வாய்தானே?”

“என் வாயை எந்த விலைக்கு வித்தீங்க?”

“விக்கலையே! சும்மாதான் கொடுத்தேன்.”

“அது அதைவிடக் கேவலம்!”

கல்லாவிலிருந்து அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நீ என்னமோ பேசாமடந்தை மாதிரி. நேத்து ஆட்டோக்காரர் சண்டையை எனக்குச் சொல்றதுக்கு முக்கால் மணி எடுத்துக்கிட்ட. பத்து நிமிஷம் கொடுத்து விடேன்.”

“அவங்களே அஞ்சுக்கு வந்துட்டாங்க, நீ என்ன பத்துக்கு ஏத்தற?”

“அஞ்சா? அப்ப முடிச்சுவிடேன்டி! இதுக்குக் கீழ இறங்கினா நமக்கே அசிங்கம்.”

பெட்டிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தன் வாழ்நாளிலிருந்து அறுத்து வைத்த துண்டை, தன்னைக் கேட்காமலே இரண்டு பேர் துணி மாதிரி விரித்துப் பேரம் பேசுகிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா வாசலைப் பார்த்து நெளிந்தார்.

“அது வந்தும்மா... கோபப்படாத. அவங்க நேர்லயே வரட்டுமான்னு கேட்டாங்க. காலைல நீ சும்மாதான் இருப்பேன்னு சொல்லிட்டேன்.”

“எந்தக் காலைல?”

மாமா அளவுகோலால் வாசலைக் காட்டினார். ஆட்டோவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மெழுகு, முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு, முகத்தில் இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. நடந்தபோது பெட்டிக்குள் கண்ணாடிச் சில்லுகள் கிலுகிலுத்தன.

“நீங்கதானே பெட்டி மேடம்?” என்றாள், மூச்சு வாங்கியபடி. “அஞ்சு நிமிஷம்தான். நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடறேன். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன்.”

பெட்டியை மேசைமேல் வைத்தாள். வைத்த கணமே பெட்டிக்காரியின் கண் அதன்மேல் போய்விட்டது. போகாமல் இருக்குமா? வைத்தியர் வீட்டு வாசலில் ஒருவர் இருமினால் உள்ளே இருக்கும் வைத்தியருக்குக் காது நீளாதா? மேல்மூடி எப்படி உப்பியிருக்கிறது, எந்த ஓரம் உள்ளே ஒடுங்கியிருக்கிறது, எந்த மூலை மட்டும் சப்பையாகியிருக்கிறது என்பதெல்லாம் அவளிடம் வாய்விட்டுக் கதறின. எங்கே தப்பு என்று அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் மீதியும் தெரியும். நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்த வார்த்தையை அவள் பல்லால் கடித்தாள். அதைச் சொன்னால் ஒப்பந்தம் போச்சு. அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம், அரைவார்த்தைக்கே போச்சு.

“பிரிச்சுப் பாரும்மா,” என்று மாமா ஆர்வத்தோடு மூடியில் கை வைத்தார். “கண்ணால பாக்கறதுக்கா காசு?”

பெட்டிக்காரி சட்டென்று உள்ளங்கையை மூடிமேல் ஊன்றி அழுத்தினாள். “திறக்காதீங்க மாமா.”

அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் ஏறியது.

“ஏங்க, தொடக்கூட மாட்டீங்களா? அப்படி என்னங்க செஞ்சுட்டேன்?”

“நீங்க செஞ்சது என்னன்னு நான் சொல்லட்டுமா?” பெட்டிக்காரி இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது. “நேரமில்லன்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல, ஓயாம சொன்னேன். விடியற்காலைங்கறீங்க, விடுமுறைங்கறீங்க, பல் தேய்க்கறப்பங்கறீங்க. ஒரு மனுஷி எத்தனை தரம் சொல்லுவா?”

“என்ன சொன்னீங்க?” அந்த அம்மாள் குரல் இன்னும் ஒரு படி உயர்ந்தது. “முடியாதுன்னு எங்கயாவது சொன்னீங்களா? காட்டுங்க பார்ப்போம்! நேரமில்லன்னீங்க. நேரம்தானே இல்ல, நான் நேரத்தைக் குறைச்சேன். இந்த வாரம் கஷ்டம்னீங்க. அடுத்த வாரம் கேட்டேன். மாசக் கடைசின்னீங்க. மாசம் பொறக்கட்டும்னு காத்திருந்தேன். நீங்க சொன்னதுக்கெல்லாம் தகுந்த மாதிரிதானே நான் இறங்கி வந்தேன்? கடைசில நான் மானங்கெட்டவளா?”

பெட்டிக்காரியின் கை மூடியிலிருந்து இறங்கியது.

“நானும் சந்தையில பொழைக்கறவதாங்க,” என்றாள் அந்த அம்மாள், இப்போது கொஞ்சம் இறங்கிய குரலில். “விலை ஜாஸ்தின்னு ஒருத்தர் சொன்னா, வேண்டாம்னா அர்த்தம்? குறைச்சுக் கேளுன்னுதான் அர்த்தம். என் சரக்கை எடுக்கற கடைக்காரர், அடுத்த லோடும் உடைஞ்சு வந்தா இனிமே அனுப்பாதேன்னுட்டாரு. இந்த மாமா, நீங்க கட்டாயம் பேசுவீங்கன்னாரு. அதை நம்பி வேற யாரையும் பார்க்காம உட்கார்ந்திருந்தேன். முதல் நாளே மாட்டேன்னிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சுட்டு மறுநாள் வேற ஆளைத் தேடியிருப்பேனே!”

கோபம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்றுதான் பெட்டிக்காரிக்குத் தெரியவில்லை. இந்த அம்மாள்மேல் வைக்க முடியாது. வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் போனதே! வேலை, வாரம், மாசக்கடைசி என்று அவள் அனுப்பிய ஒவ்வொரு காரணமும் ஒரு விலைச்சீட்டு. வந்தவள் சீட்டைப் பார்த்தாள், பேரம் பேசினாள். தான் விற்கவே போவதில்லை என்ற ஒன்றை மட்டும் பெட்டிக்காரி எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

“உட்காருங்க,” என்றாள்.

“வேண்டாம்.”

“நீங்க உட்காரலைன்னா நானும் நிக்கணும். எனக்குக் கால் வலிக்குது.”

அந்த அம்மாள் உட்கார்ந்தாள், பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு.

“உங்களுக்கு நான் யோசனை சொல்ல முடியாதுங்க. போன்லயும் முடியாது, நேர்லயும் முடியாது. நேரம் இருக்கு, அது இல்ல காரணம். உங்க வகைப் பொருளுக்கு வேற ஒரு இடத்துல வாக்குக் கொடுத்துட்டேன். எந்த இடம்னு கேட்காதீங்க. காசு வாங்காம சொன்னாலும் வாக்குத் தவறினதுதான். அதான் பெட்டியைத் திறக்க விடல. திறந்தா என் வாய் நிக்காது.”

“ஒரே ஒரு...”

“இல்லைங்க. இதுல அரைநாளும் அஞ்சு நிமிஷமும் ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். குறைக்க ஏதாவது இடம் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. துணியைத் தடவிப் பார்க்கிற விரல் மாதிரி எல்லாப் பக்கமும் தடவியது. பிடி எதுவும் கிடைக்கவில்லை. தோள் மெல்ல இறங்கியது.

“இவ்வளவுதானா விஷயம்?” என்றாள். “இதை முதல் நாளே சொல்றதுக்கு என்னங்க?”

“சொல்லியிருக்கணும். உங்களைக் காக்க வெச்சது என் தப்பு. நம்பி உட்கார வெச்சது இவர் தப்பு.”

மாமா அளவுகோலால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

“இந்த வேலை தெரிஞ்ச இன்னொருத்தர் இருக்காரு. சந்தைல ‘பிசின்’னு பட்டப்பேர் சொல்லுவாங்க, பேச ஆரம்பிச்சா ஒட்டிக்குவாரு. ஆனா கண்ணாடிச் சாமானுக்கு என்னைவிட அவர் கெட்டி.”

அக்காவின் தலை இப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தது. “அவனா? போன வருஷம் உன் வேலையைத் தட்டிட்டுப் போனானே!”

“தட்டிட்டுப் போற அளவுக்குத் தெரிஞ்சவர்னு அர்த்தம்.”

“சரி, உடனே நம்பரைக் கொடு,” என்று மாமா தன் போனை எடுத்தார். “என்கிட்டயே இருக்கு, இந்தாங்கம்மா...”

“கீழ வைங்க!” பெட்டிக்காரி போட்ட அதட்டலில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். “எனக்குச் செஞ்சதை அவருக்கும் செய்யணுமா? அவர் நேரம் என் கையிலயா இருக்கு தூக்கிக் கொடுக்க?” அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். “அவர்கிட்ட முதல்ல கேட்கறேன். உங்க பேரையும் என்ன பொருள்ங்கறதையும் சொல்லலாமா?”

“சொல்லுங்க.”

கடைக்கு வெளியே நின்று பேசிவிட்டு வந்தாள். வழக்கம்போல் அந்தப் பக்கம் பிசின் ஒட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் ஆயிற்று. “நாளைக்கு மத்தியானம் வரச் சொல்றாரு. உடைஞ்ச பெட்டியைப் பிரிக்காம அப்படியே கொண்டுவரச் சொன்னாரு, எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு பார்க்கணுமாம். பார்க்கறதுக்குக் காசு வாங்குவாரு. அதை இப்பவே சொல்லிடறேன், அப்புறம் அங்க போய் அவர்கிட்ட அஞ்சு நிமிஷம்னு பேரம் பேசாதீங்க.”

“வாங்கட்டும். காசு கேட்கறவர்கிட்ட கணக்கு என்னன்னு முதல்லயே தெரியும்.” அவள் எழுந்தாள். “உங்க வாக்கு எப்ப முடியுது?”

“அடுத்த கோடையோட. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன். அதுக்குள்ள மெழுகுவர்த்தி தவிர வேற பொருள் ஏதாவது செஞ்சீங்கன்னா தாராளமா எழுதுங்க, அதுக்கு எனக்குத் தடையில்லை. முடியும்னா முடியும்பேன், முடியாதுன்னா அன்னிக்கே சொல்லிடுவேன்.”

“நீங்க கூப்பிடலைன்னா?”

“நீங்க கூப்பிடுங்க. திட்டிக்கிட்டே கூப்பிடுங்க.”

“திட்டத்தான் போறேன்,” என்றாள் அவள். “உங்கமேல எனக்குக் கோபம் போகலைங்க.”

“போக வேண்டாம். எனக்கும்தான் போகல.”

அந்த அம்மாள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை மடித்து மறைத்துக்கொண்டு, பெட்டியை அணைத்தபடி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு ஓட்டுநரிடம் வாடகைப் பேரத்தைப் பாதியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆட்டோ திரும்பும் வரை காத்திருந்துவிட்டுப் பெட்டிக்காரி மாமா பக்கம் திரும்பினாள்.

“இன்னும் எத்தனை பேருக்கு என்னைக் கொடுத்திருக்கீங்க?”

“என்னம்மா இது, கேட்கற விதமே...”

“மாமா.”

“ஒரு ஊறுகாய்க்காரர் உண்டு,” என்று அக்கா கல்லாவிலிருந்து காட்டிக்கொடுத்தாள். “நாளைக்குப் பேசுவான்னு சொல்லியிருக்காரு. நேத்தும் நாளைக்குன்னாரு.”

“ஊறுகாயா? எந்த மாதிரி பேக்கிங்?”

“கண்ணாடி பாட்டிலோட அட்டை டப்பா,” என்றார் மாமா, உயிர் வந்தவராய். “அதுக்குத் தடை இல்லையே! பேசிடறியா?”

“தடை இல்ல. ஆனா இந்த மாசம் புது வேலை எடுக்கறதா இல்ல, எடுத்தா காசுக்குத்தான் எடுப்பேன். நான் பேசமாட்டேன். சொன்னது நீங்க, நீங்களே கூப்பிட்டு அவ பேசமாட்டான்னு சொல்லுங்க. இப்ப. என் முன்னாடி.”

“நாளைக்கு...”

“மாமா!”

மாமா போனைக் காதில் வைத்தார். கடன் கேட்கப் போகிறவர் மாதிரி குரலைத் துடைத்துக்கொண்டார். “அண்ணே, வணக்கம்ணே. நம்ம கொழுந்தியா விஷயமா... அவ கொஞ்சம் பிஸியா...”

பெட்டிக்காரி கண்ணை உருட்டினாள்.

“இல்லண்ணே, பிஸி இல்ல. சும்மாதான் இருக்கா. அதாவது சும்மா இல்ல...” நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நின்றது. அந்தப் பக்கத்துக் குரல் குறைத்துக்கொண்டே வருவது கடை முழுக்கக் கேட்டது. மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு கெஞ்சினார்: “மூணு நிமிஷத்துக்கு வந்துட்டாரும்மா. நல்ல ரேட்டு.”

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

மாமா கண்ணை இறுக மூடினார். முப்பது வருஷமாகக் கடையில் இல்லாத சரக்கை எங்கிருந்தோ தோண்டி எடுப்பவர் போல முகத்தைச் சுருக்கினார்.

“முடியாதுண்ணே,” என்றார். “நான்தான் கேட்காம சொல்லிட்டேன். அவ இந்த மாசம் புதுசா எதுவும் எடுக்கல. இனாமா பேசறதும் இல்ல. தப்பு என்னுதுண்ணே.”

சொல்லிவிட்டு, அடி விழப் போகிறவர்போல் தோளை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. மாமாவின் கண் திறந்தது. திரும்ப ஒரு முறை “ஆங்?” என்றார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு, நம்ப முடியாதவராய் பெட்டிக்காரியைப் பார்த்தார்.

“கோபமே வரலைம்மா அவருக்கு. சரி, அடுத்த மாசம்னா என்ன ரேட்டுன்னு கேட்கறாரு.”

“என் ரேட்டை நான் சொல்லிக்கறேன்,” என்று பெட்டிக்காரி கையை நீட்டினாள். “போனைக் கொடுங்க.”